ராக்: தேடிக் கொடுத்து எழுத வைக்கும் முறை, அது சறுக்கும் இடங்கள்

ராக் ராக் என்கிறார்களே, ஒரு வரியில் சொன்னால் அது என்ன?

கேள்வி வந்ததும் முதலில் உங்கள் ஆவணங்களில் அதற்குப் பொருத்தமான பகுதிகளைத் தேடி எடுத்து, அவற்றையும் கேள்வியையும் சேர்த்து மொழி மாடலிடம் கொடுத்து, "இதைப் பார்த்துப் பதில் எழுது" என்பதுதான் ராக். ரிட்ரீவல் ஆக்மென்டட் ஜெனரேஷன் என்பது முழுப்பெயர். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதும் தேர்வு மாதிரி. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று முடிவு செய்வது தேர்வு எழுதுபவர் இல்லை, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர். தொல்லைகளில் பெரும்பகுதி அந்த இன்னொருவரிடம்தான் இருக்கிறது.

மாடல் ஏற்கனவே எக்கச்சக்கமாகப் படித்திருக்கிறதே, எதற்கு இந்தச் சுற்று வேலை?

அது படித்தது ஒரு குறிப்பிட்ட நாளோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மாறிய எதுவும் அதற்குத் தெரியாது. உங்கள் அலுவலகத்தின் உள் ஆவணங்கள் அதன் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. இந்த இரண்டையும்விட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. தெரியாததைக் கேட்டாலும் அது தெரிந்த மாதிரியே, அதே சரளத்தோடு எழுதிவிடும். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது, ஏனென்றால் அது எங்கிருந்தும் எடுக்கவில்லை. அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணக்குப் போட்டு எழுதியது, அவ்வளவுதான்.

ராக் வைத்தால் பதிலுக்கு அடியில் ஒரு ஆவணம் வந்து நிற்கிறது. எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று காட்டலாம், படிப்பவர் சரிபார்க்கலாம்.

எங்கள் ஆவணங்களை வைத்து மாடலுக்கே மேலும் பயிற்சி கொடுத்து ஃபைன்-ட்யூன் செய்துவிட்டால் போதாதா?

நடையை, வடிவத்தை, ஒரு துறையின் பேச்சுவழக்கைக் கற்றுக்கொடுக்க ஃபைன்-ட்யூனிங் நல்லது. நாளைக்கு மாறக்கூடிய தகவலை அதில் ஏற்றுவது வீண் வேலை. மாறும்போதெல்லாம் திரும்பப் பயிற்சி தரவேண்டும். போதாததற்கு, பழையதை அது மறந்துவிட்டதா என்று உறுதி செய்யவும் வழியில்லை.

ராக் என்ற பெயரைக் கொடுத்த 2020-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையிலேயே இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த பேட்ரிக் லூயிஸும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியது. உலகத் தலைவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். தேடுவதற்கு 2016-ஆம் ஆண்டு விக்கிப்பீடியாவைக் கொடுத்தபோது, 2016-இல் பதவியில் இருந்தவர்களைப் பற்றிய கேள்விகளில் 70 சதவீதம் சரியாக வந்தது. மாடலைத் தொடாமல் விக்கிப்பீடியாவை மட்டும் 2018-ஆம் ஆண்டுக்கு மாற்றினார்கள். 2018-இன் தலைவர்களைப் பற்றி 68 சதவீதம் சரி. ஆண்டை மாற்றிப் பொருத்தினால் 12 சதவீதமும் 4 சதவீதமுமாக விழுந்தது. அறிவு மாடலுக்குள் இல்லை, வெளியே வைத்த ஆவணத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதே சோதனையை மறுபக்கமிருந்து பாருங்கள். தவறான ஆவணத்தைக் கொடுத்தால் தவறான பதில்தான். மாடல் உங்களைக் காப்பாற்றாது.

உள்ளே என்ன நடக்கிறது, படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இரண்டு கட்டம். முதல் கட்டம் கேள்வி வருவதற்கு முன்பே நடக்கும். ஆவணங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எம்பெடிங் மாடலில் விட்டு, சில நூறு அல்லது சில ஆயிரம் எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றிச் சேமிப்பது. அந்த எண்வரிசைதான் வெக்டர். பொருள் நெருக்கமாக உள்ள துண்டுகளின் வெக்டர்களும் நெருக்கமாக இருக்கும் என்பதே இதன் அடிப்படை.

இரண்டாம் கட்டம் கேள்வி வந்த பிறகு. கேள்வியையும் அதே எம்பெடிங் மாடலில் விட்டு வெக்டராக்கி, அதற்கு மிக நெருக்கமான ஐந்தோ பத்தோ துண்டுகளை எடுத்து, கேள்வியோடு ஒட்டி மாடலுக்கு அனுப்புவது. இங்கே "அதே" என்ற சொல் முக்கியம். எம்பெடிங் மாடலைப் புதியதாக மாற்றிவிட்டு, பழைய துண்டுகளின் வெக்டர்களை அப்படியே விட்டுவைத்த ஒரு அமைப்பைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாடலிலும் எண்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்ததால் எந்த எரரும் வரவில்லை. தேடல் மட்டும் குருட்டாம்போக்கில் எதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பதில் எங்கள் ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. இருந்தும் தப்பாகச் சொல்கிறது. மாடல் சரியில்லையா?

பெரும்பாலும் மாடல் இல்லை. துண்டு வெட்டிய இடம். நான் கையாண்ட ஒன்றை முழுதாகச் சொல்கிறேன்.

ஒரு தொழிற்கூடத்துக்கான ஏர் கம்ப்ரசர் பராமரிப்புக் கையேடு. முந்நூறு பக்கத்துக்கு மேல். இரண்டு வகைக் கம்ப்ரசர்கள் ஒரே கையேட்டில் வருகின்றன, K-20, K-30 என்று வைத்துக்கொள்வோம். பணியாளர் கேட்டது: "K-20-க்கு எண்ணெய் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்?" வந்த பதில்: 4000 மணி நேரம். கையேட்டில் இருப்பது 2000. நாலாயிரம் என்பது K-30-க்கு உரியது.

எல்லோரும் உடனே ப்ராம்ப்டை, அதாவது மாடலுக்குக் கொடுக்கும் கட்டளை வரிகளை, திருத்த ஆரம்பித்தார்கள். "கவனமாகப் படி", "ஊகிக்காதே" என்று வரிகள் கூடிக்கொண்டே போயின. பதில் மாறவில்லை. அப்புறம்தான் யாரோ லாக்கைத் திறந்து, மாடலுக்கு என்ன துண்டுகள் போயின என்று பார்த்தார்கள். அங்கே கதை வேறாக இருந்தது.

K-20 பகுதியின் தலைப்பும் அதன் கீழான முன்னுரைப் பத்தியும் ஒரு பக்கத்தின் அடியில் இருந்தன. அட்டவணை அடுத்த பக்கத்தில். மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் சிறு துணுக்குதான் டோக்கன்; 500 டோக்கனுக்கு ஒரு வெட்டு என்று வைத்திருந்ததால், வெட்டு சரியாக இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. அட்டவணைத் துண்டு இப்படி இருந்தது:

```
| பாகம்            | இடைவெளி (மணி) |
| எண்ணெய்          | 2000 *         |
| எண்ணெய் வடிகட்டி | 2000           |
| காற்று வடிகட்டி  | 1000           |
```

இதில் K-20 என்ற சொல்லே இல்லை. தேடல் இயந்திரத்தின் பார்வையில் இது யாருடைய அட்டவணையோ. பதினேழாவது இடத்தில் கிடந்தது. நாங்கள் மாடலுக்கு அனுப்பியது முதல் ஐந்தை மட்டும். K-30-இன் தலைப்பும் அட்டவணையும் அதிர்ஷ்டவசமாக ஒரே பக்கத்தில் இருந்ததால் ஒரே துண்டாக வந்து முதலிடத்தைப் பிடித்தது. இரண்டாமிடத்தில் K-20-இன் தலைப்பும் முன்னுரையும், எண் எதுவும் இல்லாமல். ஆக, மாடலின் கைக்குப் போனது K-20 என்ற தலைப்பு ஒன்றும், 4000 என்ற எண் ஒன்றும். இரண்டையும் கோர்த்துவிட்டது. அந்த இரண்டு தாள்களை மட்டும் ஒரு மனிதர் கையில் கொடுத்து அவசரப்படுத்தினாலும் இதையே சொல்லியிருப்பார்.

தீர்வு சிக்கலானது இல்லை. பிடிஎஃபை வெறும் எழுத்து ஓட்டமாக வெட்டாமல், தலைப்பு அமைப்பைப் பார்த்து வெட்டினோம். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது எந்த அத்தியாயத்தின் எந்தப் பிரிவு என்ற விலாசத்தை ஒட்டினோம். அட்டவணையை நடுவில் வெட்டக்கூடாது, வெட்டியே ஆகவேண்டும் என்றால் மேல்வரிசையைத் திரும்பப் போடவேண்டும் என்று விதி வைத்தோம்.

```
K வரிசைக் கையேடு > K-20 > 5.3 எண்ணெய் மாற்றும் இடைவெளி
| பாகம்            | இடைவெளி (மணி) |
| எண்ணெய்          | 2000 *         |
| எண்ணெய் வடிகட்டி | 2000           |
| காற்று வடிகட்டி  | 1000           |
* சுற்றுப்புற வெப்பம் 40°C-க்கு மேல் இருந்தால் 1000
```

கடைசி வரியைக் கவனியுங்கள். அந்த உடுக்குறியின் அடிக்குறிப்பு முதல் வெட்டில் மூன்றாவது துண்டுக்குப் போயிருந்தது. தலைப்புப் பிரச்சினையை மட்டும் சரிசெய்திருந்தால் 2000 என்ற "சரியான" பதில் வந்திருக்கும், எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்போம். வெயில் காலத்தில் கொதிக்கும் கூடத்துக்கு அந்தப் பதிலும் தப்பு. நிபந்தனையும் எண்ணும் பிரிந்து போவதுதான் ராக் அமைப்புகளில் நான் அதிகம் பயப்படும் கோளாறு. பதில் பார்க்க ஒழுங்காக இருக்கும், கீழே ஆவணத்தின் பக்க எண்ணும் இருக்கும்.

அப்படியானால் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

அந்த 2020 கட்டுரையில் விக்கிப்பீடியாவை நூறு நூறு சொற்களாக வெட்டினார்கள், 2.1 கோடித் துண்டுகள் வந்தன. கலைக்களஞ்சியத்துக்கு அது ஒத்துவரும். உங்கள் ஆவணத்துக்கு ஒத்துவருமா என்பது வேறு கேள்வி.

துண்டு சிறிதானால் தேடல் கூர்மையாகும், ஆனால் சூழல் அறுந்துபோகும். பெரிதானால் சூழல் இருக்கும், ஆனால் ஒரே வெக்டருக்குள் நாலைந்து விஷயங்கள் கலந்து எதற்கும் நெருங்காத ஒரு சராசரியாகிவிடும். இதிலிருந்து தப்ப நான் விரும்பும் வழி, தேடுவதற்குச் சிறிய துண்டு, மாடலுக்குக் கொடுக்க அது இருக்கும் முழுப் பிரிவு என்று இரண்டையும் தனித்தனியாக வைப்பது. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியுமாறு வெட்டுவதும் உண்டு. உதவும், ஆனால் அதை மருந்தாக நம்பவேண்டாம். மேலே சொன்ன அடிக்குறிப்பு அரைப் பக்கம் தள்ளி இருந்தது, ஐம்பது டோக்கன் படிவு அதுவரை எட்டாது.

எரர் கோடு E-41 பற்றிக் கேட்டால் E-14 பற்றிச் சொல்கிறது. ஏன்?

எம்பெடிங் பொருளைப் பார்க்கிறது, எழுத்தைப் பார்ப்பதில்லை. E-41-க்கும் E-14-க்கும் அதன் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் "கம்ப்ரசரின் ஏதோ ஒரு எரர் கோடு". பாகத்தின் எண், சட்டப் பிரிவின் எண், ஆள் பெயர், சுருக்கப் பெயர் எல்லாவற்றிலும் இதே தடுமாற்றம் வரும்.

இங்கே பழைய சொல் தேடல்தான் கைகொடுக்கும். பிஎம்25 என்ற முறை எம்பெடிங் காலத்துக்கு வெகு முன்பே வந்தது. கேள்வியில் உள்ள சொல் துண்டில் எத்தனை முறை வருகிறது, அந்தச் சொல் மொத்தத் தொகுப்பில் எவ்வளவு அரிது என்பதை வைத்து மதிப்பெண் போடும். E-41 என்பது முந்நூறு பக்கத்தில் இரண்டே இடத்தில் வருகிறது என்றால், அந்த இரண்டு துண்டுகளும் மேலே வந்துவிடும். "மெஷின் சூடாகி நின்றுபோகிறது" என்று கேட்டால் மட்டும் அது திணறும், ஏனென்றால் கையேட்டில் "அதிவெப்ப நிறுத்தம்" என்றிருக்கும். அதில் எம்பெடிங் ஜெயிக்கும். ஆக இரண்டையும் ஓட்டி, முடிவுகளைச் சேர்ப்பதுதான் வழக்கம்.

சேர்ப்பதற்கு மதிப்பெண்களை நேரடியாகக் கூட்டக்கூடாது, இரண்டும் வேறு வேறு அளவுகோல். இடத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்றை 60-உம் இடமும் கூட்டிய எண்ணால் வகுத்து, பின் கூட்டுவது. சரியான E-41 துண்டு சொல் தேடலில் 1-ஆம் இடம், வெக்டர் தேடலில் 14-ஆம் இடம் என்று கொள்வோம். தவறான E-14 துண்டு வெக்டரில் 2, சொல் தேடலில் 30.

```
E-41: 1/(60+1) + 1/(60+14) = 0.0164 + 0.0135 = 0.0299
E-14: 1/(60+2) + 1/(60+30) = 0.0161 + 0.0111 = 0.0272
```

வெக்டர் மட்டும் இருந்திருந்தால் தோற்றிருக்க வேண்டியது, இப்போது முந்திவிட்டது.

பேசாமல் ஐந்துக்குப் பதில் ஐம்பது துண்டு அனுப்பிவிட்டால்? ஏதாவது ஒன்றில் இருக்குமே?

இருக்கும். மாடல் அதைப் பயன்படுத்துமா என்பதுதான் சந்தேகம். நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ளதை மாடல்கள் நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன, நடுவில் உள்ளதைக் கோட்டைவிடுகின்றன என்று 2023-இல் ஒரு ஆய்வு காட்டியது. புதிய மாடல்கள் இதில் தேறியிருக்கின்றன. இருந்தாலும் ஐம்பது துண்டில் நாற்பத்தைந்து தொடர்பில்லாதவை என்றால், K-30 அட்டவணை மாதிரி பார்க்க ஒத்திருக்கும் தவறான துண்டுகளும் கூடவே நுழைகின்றன.

ஐம்பதை எடுங்கள், ஆனால் அப்படியே அனுப்பாதீர்கள். நடுவில் ரீரேங்கர் ஒன்றை வையுங்கள். அது கேள்வியையும் துண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்து மதிப்பெண் போடும். எம்பெடிங் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தது, இது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. மெதுவானது, அதனால் முழுத் தொகுப்பிலும் ஓட்ட முடியாது. ஐம்பதில் ஓட்டலாம்.

ஆவணத்திலேயே இல்லாத ஒன்றைக் கேட்டால் "இல்லை" என்று ஏன் சொல்வதில்லை?

ஏனென்றால் தேடலுக்கு "இல்லை" என்று சொல்லத் தெரியாது. மிக நெருக்கமான ஐந்தைக் கொடு என்றால், ஐந்தும் ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் ஐந்தைக் கொடுத்துவிடும். மாடலுக்கு முன்னால் ஏதோ தாள்கள் இருக்கின்றன, கேள்வியும் இருக்கிறது, எழுதாமல் இருக்க அதற்கு மனசு வராது.

நெருக்கத்தின் மதிப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்து என்று ஒரு கோடு போடலாம்தான். ஆனால் அந்த மதிப்பு கேள்விக்குக் கேள்வி மாறும். ஒரு கேள்விக்கு 0.6 நல்ல பொருத்தம், இன்னொன்றுக்கு 0.7 குப்பை. ரீரேங்கரின் மதிப்பெண் இதற்குக் கொஞ்சம் மேல். அதோடு, துண்டுகளில் பதில் இல்லையென்றால் இல்லையென்று சொல், பதிலுக்கு ஆதாரமான வாக்கியத்தை அப்படியே எடுத்துக்காட்டு என்று ப்ராம்ப்டில் கேட்பது. எடுத்துக்காட்டிய வாக்கியம் துண்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை நாலு வரி கோடில் சோதித்துவிடலாம். இல்லையென்றால் பதிலைக் காட்டாதீர்கள்.

தமிழ் ஆவணங்களுக்கு வேறு ஏதாவது தொல்லை உண்டா?

உண்டு, அதுவும் முதல் படியிலேயே. பழைய பிடிஎஃப்களில் பாமினி போன்ற எழுத்துருக்கள் இருந்தால், திரையில் தமிழ் தெரியும், பிரித்தெடுத்தால் ஆங்கில எழுத்துக் குவியல் வரும். யூனிகோடாக இருந்தாலும் சில கருவிகள் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் எழுத்துக்கு முன்னால் பிரித்து வைத்துவிடும். கண்ணால் நாலு துண்டு படித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம்.

சொல் தேடலில் இன்னொன்று. எண்ணெய், எண்ணெயை, எண்ணெயில் எல்லாம் பிஎம்25-க்கு மூன்று வெவ்வேறு சொற்கள். வேர்ச்சொல்லைப் பிரிக்கும் ஒரு படி வைக்கவில்லையென்றால், சொல் தேடல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தேடல் தப்பா, மாடல் தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பயனாளிகள் உண்மையில் கேட்ட ஐம்பது கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு ஆள் உட்கார்ந்து குறிக்கட்டும். ஒரு நாள் வேலை. பிறகு இரண்டு கேள்வி தனித்தனியாக: அந்தப் பக்கம் முதல் ஐந்து துண்டுகளுக்குள் வந்ததா? வந்தது என்றால், பதில் சரியா?

முதலாவதற்கு "இல்லை" என்றால் ப்ராம்ப்டைத் தொடாதீர்கள், வெட்டு, தேடல் பக்கம் போங்கள். "ஆம்" என்று வந்தும் பதில் தப்பென்றால்தான் மாடலையும் ப்ராம்ப்டையும் பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் சரியான பக்கத்தைக் கையாலேயே ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். கம்ப்ரசர் விஷயத்தில் இதை முதல் நாளே செய்திருந்தால் ப்ராம்ப்டோடு மல்லுக்கட்டிய நேரம் மிச்சமாகியிருக்கும்.

முழுக் கையேட்டையும் விழுங்கும் மாடல்கள் வந்துவிட்டனவே, இனி ராக் எதற்கு?

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கையேடு, கேள்விகளும் குறைவு என்றால் தேவையில்லை, முழுதாகவே கொடுங்கள். ஆயிரக்கணக்கான ஆவணங்கள், ஒவ்வொரு பயனாளிக்கும் வேறு வேறு பார்வை உரிமை என்றால், ஏதோ ஒன்று முன்னால் நின்று பொறுக்கித்தான் ஆகவேண்டும்.

ராக் வைத்தும் சரிப்படாத கேள்வி எது?

"K-20-இல் போன வருடம் மொத்தம் எத்தனை முறை E-41 வந்தது?" மாதிரியானவை. பதில் எந்த ஒரு துண்டிலும் இல்லை, நூறு பதிவேடுகளில் சிதறிக் கிடக்கிறது. ராக் அதில் ஐந்தை எடுக்கும், மாடல் அந்த ஐந்தை எண்ணி ஐந்து என்று சொல்லும். இப்படிப்பட்ட கேள்வி வந்தால் அதை அடையாளம் கண்டு டேட்டாபேஸுக்குத் திருப்பிவிடுங்கள். அங்கே ஒரு `COUNT` போதும்.